‘ஒன்றரை வட்டி’ என்று காட்டும் திரை: கடன் செயலியில் பட்டனைத் தட்டும் முன் எதை, எப்படிப் படிப்பது

திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் என் சித்தி மகன், போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தபோது போனை என் கையில் கொடுத்தான். மகள் காலேஜ் ஃபீஸ் ஒரு லட்சம் கட்ட வேண்டும். கடன் செயலி ஒன்றில் எல்லா விவரமும் கொடுத்து, கடைசித் திரை வரை வந்துவிட்டான். பச்சை பட்டனைத் தட்டுவது மட்டும்தான் பாக்கி.

“ஒன்றரை வட்டிதான் அண்ணா. எங்க ஏரியாவுல மூணு வட்டிக்கு வாங்கிட்டு இருக்காங்க. தட்டிரலாம்ல?”

திரையில் பெரிய எழுத்தில் மூன்றே விவரங்கள். கடன் 1,00,000 ரூபாய். வட்டி மாதம் 1.5%. தவணை 9,168 ரூபாய், 12 மாதம். இவை மூன்றும் உண்மைதான். ஆனால் இந்த மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு அந்தக் கடன் எவ்வளவு வட்டிக்கு வருகிறது என்று சொல்லவே முடியாது. அதைச் சொல்லும் விவரங்கள் அதே திரையில் சின்ன எழுத்திலும், ஒரு லிங்க்குக்குப் பின்னாலும் இருந்தன. அன்றைக்கு இருவரும் உட்கார்ந்து படித்த அதே வரிசையில் இங்கே எழுதுகிறேன். முதல் முறை கடன் எடுப்பவர்கள் தங்கள் திரையை எதிரே வைத்துக்கொண்டு படித்தால் எளிதாக இருக்கும்.

முதலில் அறிக்கையைத் திறங்கள்

பட்டனுக்கு மேலேயோ கீழேயோ Key Fact Statement அல்லது KFS என்று ஒரு லிங்க் இருக்கும். கடனின் எல்லா விவரங்களையும் ஒரே வடிவத்தில் போட்டுத் தரும் அறிக்கை அது. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் 2024 அக்டோபர் 1 முதல் தனிநபர்களுக்குக் கொடுக்கும் புதுக் கடன்களுக்கு இதைக் கட்டாயம் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் அது இருக்க வேண்டும் என்றும் விதி சொல்கிறது. ஆகவே தமிழ் இருக்கிறதா என்று மொழித் தேர்வைப் பாருங்கள், இல்லாவிட்டால் கேளுங்கள்.

லிங்க்கே இல்லை, தேடியும் கிடைக்கவில்லை என்றால் அந்தத் திரையை மூடிவிடலாம். அறிக்கை தராத இடத்தில் கடன் எடுக்கக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

அறிக்கையில் கடன் கொடுப்பவரின் பெயர் இருக்கும். பல செயலிகள் கடன் கொடுப்பதில்லை. ஆள் பிடித்துத் தரும் வேலையை மட்டும் செய்கின்றன. பணம் கொடுப்பது வேறொரு வங்கியோ நிதி நிறுவனமோதான். அந்தப் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். நிறுவனங்கள் தங்களோடு இணைந்த கடன் செயலிகளின் விவரங்களை ரிசர்வ் வங்கிக்குக் கொடுக்கின்றன. அந்தப் பட்டியல் 2025 ஜூலை முதல் ரிசர்வ் வங்கியின் இணையதளத்தில் இருக்கிறது. செயலியின் பெயர் அதில் இருக்கிறதா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

‘இந்தச் சலுகை இன்னும் 10 நிமிடம் மட்டும்’ என்று கடிகாரம் ஓடினால் பதற வேண்டாம். ஏழு நாளோ அதற்கு மேலோ நீளும் கடன் என்றால், அறிக்கை கொடுத்த பிறகு யோசிப்பதற்குக் குறைந்தது மூன்று வேலை நாள் தர வேண்டும். அந்த அவகாசத்துக்குள் நீங்கள் சம்மதித்தால், அறிக்கையில் போட்ட விவரங்களுக்கு நிறுவனம் கட்டுப்பட்டாக வேண்டும்.

கைக்கு வரும் தொகை எவ்வளவு?

அறிக்கையைத் திறந்ததும் வட்டி விகிதத்தைத் தேடாதீர்கள். வங்கிக் கணக்கில் வந்து விழப்போகும் தொகையைத் தேடுங்கள். திரையில் அது Net disbursed amount, Disbursal amount என்பது போன்ற பெயர்களில் இருக்கும்.

சித்தி மகனின் திரையில் அந்த வரியில் 95,280 ரூபாய் என்று இருந்தது. “ஒரு லட்சம்னுதானே போட்டிருக்கு?” என்றான். கழிவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தோம்.

பிராசஸிங் ஃபீஸ் 3%, அதாவது 3,000 ரூபாய். அதன் மேல் 18% ஜிஎஸ்டி 540. ஆக 3,540 ரூபாய் முதலிலேயே பிடித்துக்கொள்கிறார்கள். அதற்குக் கீழே ‘லோன் பாதுகாப்பு’ என்று இன்னொரு வரி, 1,180 ரூபாய். அது ஒரு இன்சூரன்ஸ். கேட்காமலேயே அதன் பக்கத்துக் கட்டத்தில் டிக் போடப்பட்டிருந்தது. டிக்கை எடுத்ததும் கைக்கு வரும் தொகை 96,460 ஆனது. கடன் அப்படியேதான் இருந்தது. நீங்களும் உங்கள் திரையில் ஏற்கனவே டிக் போட்டிருக்கும் கட்டங்களை எல்லாம் எடுத்துவிட்டு, எது இல்லாமல் கடன் நகரவில்லை என்று பாருங்கள். இன்சூரன்ஸ் தேவை என்று நினைத்தால் அதைத் தனியாக விசாரித்து எடுத்துக்கொள்ளலாம்.

இதில் இரண்டு சங்கதி இருக்கிறது. ஒன்று, காலேஜில் கட்ட வேண்டியது முழு ஒரு லட்சம். கணக்கில் வரப்போவது 96,460. மீதி 3,540க்கு அவன் கடைசி நாளில் யாரிடமாவது கைமாற்று கேட்டிருப்பான். இரண்டாவதுதான் பெரியது. கையில் வராத அந்த 3,540க்கும் சேர்த்துத்தான் 12 மாதமும் வட்டி ஓடும்.

தண்டல் வாங்கியவர்களுக்கு இது புதிதில்லை. பத்தாயிரம் என்று பேசி, முன்கூட்டியே ஒரு தொகையைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுத்து, பத்தாயிரத்துக்கும் வசூல் செய்வார்கள் இல்லையா? அந்தக் கழிவை எல்லோரும் வட்டி என்றே சொல்கிறோம். செயலி அதையே ‘ஃபீஸ்’ என்று தனி வரியில் போடும்போது நம் மனது அதை வட்டிக் கணக்கில் சேர்ப்பதில்லை.

அந்த ஒன்றரை எந்த ஒன்றரை?

‘மாதம் 1.5%’ என்பதற்கு இரண்டு அர்த்தம் உண்டு. அசல் குறையக் குறைய வட்டியும் குறையும் முறை ஒன்று. எவ்வளவு கட்டியிருந்தாலும் முதல் நாள் வாங்கிய முழுத் தொகைக்கே கடைசி வரை வட்டி போடும் முறை இன்னொன்று. இரண்டாவதை ஃப்ளாட் வட்டி என்பார்கள்.

எந்த முறை என்று அறிக்கையில் எழுதியிருக்கலாம். எழுதியிருந்தாலும் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். தவணையை மாதங்களால் பெருக்கி, கடன் தொகையைக் கழியுங்கள். 9,168ஐ 12ஆல் பெருக்கினால் 1,10,016. ஒரு லட்சம் போக வட்டி 10,016 ரூபாய். இது குறையும் அசல் முறை. ஃப்ளாட்டாக இருந்தால் மாதம் 1,500 வீதம் வட்டி மட்டும் 18,000 வந்திருக்கும். தவணை 9,833 ஆகியிருக்கும். ஒரு வருடக் கடனில் குறையும் அசல் முறையின் மொத்த வட்டி, ஃப்ளாட் முறையில் வருவதில் பாதிக்குச் சற்று மேலே நிற்கும் என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும், பார்த்தவுடன் பிடிபடும்.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சின்னதில்லை. ஒன்றரை ஃப்ளாட் வட்டியில் வாங்கிய ஒரு வருடக் கடனைக் குறையும் அசல் முறைக்கு மாற்றிப் பார்த்தால், ஃபீஸே இல்லாவிட்டாலும் ஆண்டுக்கு 31 சதவீதத்தைத் தாண்டும். பேச்சில் ஒன்றரை வட்டி, நடப்பில் இரண்டரைக்கும் மேல்.

தவணை அட்டவணையில் முதல் வரி

அறிக்கையோடு மாதவாரியான அட்டவணையும் இருக்கும். பன்னிரண்டு வரிகளையும் படிக்க வேண்டியதில்லை. முதல் இரண்டு வரியையும் கடைசி வரியையும் பார்த்தால் போதும். சித்தி மகனின் அட்டவணையில் முதல் மாதத் தவணையான 9,168இல் வட்டி 1,500, அசல் 7,668. இரண்டாம் மாதம் வட்டி 1,385 ஆகக் குறைந்திருந்தது. கடைசி மாதத்தில் வட்டி 135 ரூபாய்தான். இரண்டாம் வரியிலும் முதல் வரியில் இருந்த அதே வட்டித்தொகை இருந்தால் அது ஃப்ளாட் வட்டி. அங்கேயே நிறுத்திக் கேள்வி கேளுங்கள்.

அப்புறம் தேதி. பணம் கணக்கில் வரும் நாளுக்கும் முதல் தவணைக்கும் நடுவில் எத்தனை நாள் என்று எண்ணுங்கள். பல நிறுவனங்கள் எல்லோருக்கும் 5ஆம் தேதி என்பது போல ஒரே தேதியை வைத்திருக்கும். ஜூன் 5ஆம் தேதி பணம் வந்து ஜூலை 5 முதல் தவணை என்றால் சிக்கல் இல்லை. ஜூன் 20 பணம் வந்து ஆகஸ்ட் 5 முதல் தவணை என்றால், ஒரு மாதம் போக 15 நாள் மிச்சம். அந்த 15 நாளுக்கும் வட்டி உண்டு. ஒரு லட்சத்துக்கு மாதம் 1.5%, அதாவது ஆண்டுக்கு 18% வீதம் அது சுமார் 740 ரூபாய். இதை முதல் தவணையோடு சேர்ப்பார்கள், அல்லது கொடுக்கும்போதே கழித்துக்கொள்வார்கள். திரையில் Broken period interest என்று இருந்தால் அது இதுதான். ஏமாற்று ஒன்றும் இல்லை, ஆனால் தெரியாமல் இருந்தால் முதல் மாதம் கணக்கு இடிக்கும்.

அதே தேதியை உங்கள் சம்பளத் தேதியோடும் வைத்துப் பாருங்கள். இவனுக்குச் சம்பளம் 7ஆம் தேதி வரும். தவணை 5ஆம் தேதி கணக்கிலிருந்து தானாக எடுக்கப்படும். இரண்டு நாள்தான் வித்தியாசம். ஆனால் கணக்கில் பணம் இல்லாமல் திரும்பும் ஒவ்வொரு முறையும் அறிக்கையில் போட்டிருந்த பவுன்ஸ் கட்டணம் 500 ரூபாயும் ஜிஎஸ்டியும், அதாவது 590 விழும். அவனுடைய வங்கி பிடிக்கும் கட்டணம் அதற்கு மேல். இந்தக் கட்டணங்கள் எதுவும் வட்டி விகிதத்தில் தெரியாது. தேதியை மாற்ற முடியுமா என்று பட்டனைத் தட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது.

தாமதத்துக்கான அபராதத்தையும் அந்தப் பக்கத்திலேயே பார்த்துவிடுங்கள். அபராதத்தைக் கூடுதல் வட்டியாக ஏற்றக் கூடாது, அந்த அபராதத்தின் மேல் வட்டியும் போடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2023இல் சொல்லிவிட்டது. எனவே அது ஒரு கட்டணமாக, இவ்வளவு என்று தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும்.

ஏபிஆர்: எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டும் ஒரே எண்

அறிக்கையில் APR என்று ஒரு எண் இருக்கும். வட்டி, பிராசஸிங் ஃபீஸ், நிறுவனம் வழியாகப் பிடிக்கப்படும் இன்சூரன்ஸ் போன்றவை எல்லாவற்றையும் சேர்த்து, உண்மையில் ஆண்டுக்கு எத்தனை சதவீதம் ஆகிறது என்று அது சொல்கிறது. தவணை தவறினால் விழும் கட்டணமும் முன்கூட்டியே அடைத்தால் விழும் கட்டணமும் இதில் சேராது. அவை நடந்தால்தானே வரும்.

சித்தி மகனுக்கு இன்சூரன்ஸ் டிக்கை எடுத்த பிறகு ஏபிஆர் 25%. டிக் இருந்தபோது அது 27 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. திரையின் மேலே பெரிய எழுத்தில் சொன்னதோ மாதம் 1.5%, ஆண்டுக்கு 18%தான்.

இந்த எண்ணை 12ஆல் வகுத்தால் நம் ஊர்ப் பேச்சுக்கு வந்துவிடும். 25ஐ 12ஆல் வகுத்தால் இரண்டுக்குக் கொஞ்சம் மேல். அதாவது நூற்றுக்கு இரண்டு வட்டி. “ரெண்டு வட்டியா இது?” என்று அவன் கேட்டபோதுதான் விஷயம் அவனுக்கு உறைத்தது. சதவீதமாகச் சொன்னபோது தலையாட்டிக்கொண்டிருந்தவன் அவன்.

திரையில் இருக்கும் ஏபிஆரை நம்பலாமா என்று சந்தேகம் வந்தால் நீங்களே சரிபார்க்கலாம். போனில் இருக்கும் ஏதாவது ஒரு ஸ்ப்ரெட்ஷீட் செயலியைத் திறந்து, ஒரு கட்டத்தில் இதைத் தட்டுங்கள்:

```
=RATE(12,-9168,96460)*12
```

12 என்பது மாதங்கள். 9,168 தவணை, நீங்கள் கட்டும் பணம் என்பதால் முன்னால் கழித்தல் குறி. 96,460 கைக்கு வரும் தொகை. இங்கே கடன் தொகையான ஒரு லட்சத்தைப் போட்டால் 18%தான் வரும். அப்புறம் சரிபார்த்ததில் பயனே இல்லை. விடை 0.25 என்று வந்தால் 25%. உங்கள் விடைக்கும் அறிக்கையில் உள்ள எண்ணுக்கும் ஒரு சதவீதத்துக்கு மேல் இடைவெளி இருந்தால், ஏதோ ஒரு கழிவையோ தேதியையோ நீங்கள் பார்க்காமல் விட்டிருக்கிறீர்கள், அல்லது அவர்கள் சேர்க்காமல் விட்டிருக்கிறார்கள். எதுவானாலும் கண்டுபிடித்த பிறகு மேலே போங்கள்.

வட்டி அதிகமான கடன் மலிவாக இருந்த கதை

சித்தி மகனுக்கு இன்னொரு நிறுவனத்திடமிருந்தும் கடன் வாய்ப்பு வந்திருந்தது. ஆண்டுக்கு 21% வட்டி, பிராசஸிங் ஃபீஸ் கிடையாது. “அது மூணு சதவீதம் ஜாஸ்தி அண்ணா, அதனால பாக்கவே இல்ல” என்றான். திறக்கச் சொன்னேன்.

ஒரு லட்சம், 12 மாதம், தவணை 9,311 ரூபாய். முதல் கடனைவிட மாதம் 143 ரூபாய் கூடுதல். பன்னிரண்டு மாதத்துக்கு 1,716 ரூபாய். ஆனால் முதல் கடனில் ஃபீஸாகப் போகவிருந்தது 3,540. இங்கே அது மிச்சம். முழு ஒரு லட்சமும் கணக்கில் வரும். கழிவு எதுவும் இல்லாததால் இதன் ஏபிஆரும் 21%தான். 18% என்று சொன்ன கடன் 25%, 21% என்று சொன்ன கடன் 21%.

ஒன்று கவனியுங்கள். இந்த ஒப்பீடு ஒரு வருடக் கடனுக்கு. தவணைக் காலம் நீள நீள, ஒரே முறை பிடிக்கும் ஃபீஸின் பாரம் பரவிப்போகும். மூன்று வருடக் கடனில் இதே 3% ஃபீஸ் ஏபிஆரை இவ்வளவு தூக்காது. மூன்று மாதக் கடனில் இதைவிட மிக அதிகமாகத் தூக்கும். அதனால்தான் குறுகிய காலக் கடனில் ஃபீஸைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வேன்.

வெளியே வரும் வழி

தீபாவளி போனஸ் வந்ததும் பாதியிலேயே அடைத்துவிடலாம் என்பது அவன் திட்டம். முன்கூட்டியே அடைப்பதற்கான கட்டணம் அறிக்கையில் Foreclosure charges என்ற பெயரில் இருக்கும். முதல் கடனில் அது மீதி அசலில் 4%, அதன் மேல் ஜிஎஸ்டி.

ஆறு தவணை கட்டிய பிறகு மீதி அசல் 52,232 ரூபாய். அதில் 4% 2,089, ஜிஎஸ்டியோடு 2,465. அப்படியே விட்டிருந்தால் மீதி ஆறு மாதத்தில் அவன் கட்டவிருந்த வட்டி 2,776. ஆக, போனஸ் பணம் மொத்தத்தையும் போட்டு அடைத்தால் மிச்சமாவது 311 ரூபாய். பாதியில் அடைக்கும் எண்ணம் உள்ளவர்கள் வட்டியைவிட இந்த வரியைத்தான் முக்கியமாகப் பார்க்க வேண்டும். இரண்டாவது கடனில் மூன்று தவணைக்குப் பிறகு அடைத்தால் கட்டணம் இல்லை என்று போட்டிருந்தது. எனக்கு அது வட்டி விகிதத்தைவிடப் பெரிய விஷயமாகப் பட்டது.

இன்னொரு வாசலும் உண்டு. செயலி வழியாக எடுக்கும் கடனில், எடுத்த உடனே மனம் மாறினால், அசலையும் அந்த நாட்களுக்கு உரிய ஏபிஆர் கணக்கையும் கட்டிவிட்டு அபராதம் இல்லாமல் விலகலாம். Cooling-off period என்று அறிக்கையில் இருக்கும். குறைந்தது ஒரு நாள் தர வேண்டும் என்பது விதி. சிலர் கூடுதலாகவும் தருகிறார்கள். ஆனால் முன்பே அறிக்கையில் சொல்லியிருந்தால், பிராசஸிங் ஃபீஸை மட்டும் அவர்கள் திருப்பித் தராமல் வைத்துக்கொள்ள இடம் இருக்கிறது. எனவே இந்த நாட்களை நம்பிப் படிக்காமல் தட்டுவது வீண், 3,540 போய்விடும்.

தட்டுகிற நாளில்

சித்தி மகன் இரண்டாவது கடனைத்தான் எடுத்தான். தட்டுவதற்கு முன் அறிக்கையின் பிடிஎஃப்பை இறக்கி, எனக்கும் அவன் மனைவிக்கும் அனுப்பிவைத்தான். அதில் குறைதீர்க்கும் அதிகாரியின் போன் நம்பரும் மின்னஞ்சலும் இருக்கும். செயலி பிற்பாடு திறக்காமல் போனாலும் அந்தத் தாள் கையில் இருக்க வேண்டும். தானாகப் பணம் எடுக்க அனுமதி கேட்கும் திரை அடுத்ததாக வந்தது. அங்கே அதிகபட்சத் தொகை, எந்தத் தேதி வரை என்ற இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் ஓடிபி போட்டான். தொடர்பு எண்களையும் புகைப்படங்களையும் பார்க்க எந்தச் செயலியாவது அனுமதி கேட்டால் கொடுக்காதீர்கள். கடன் செயலிகள் அவற்றைத் தொடக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி.

பணம் வந்ததும் முதல் வேலையாக வங்கி மெசேஜில் உள்ள தொகையை அறிக்கையில் உள்ள தொகையோடு ஒப்பிடுங்கள். அறிக்கையில் இல்லாத எந்தக் கட்டணத்தையும் உங்கள் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் பிடிக்கக் கூடாது. நூறு ரூபாய் குறைந்தாலும் அன்றைக்கே குறைதீர்க்கும் அதிகாரிக்கு மின்னஞ்சல் போடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ cms.rbi.org.in தளத்தில் புகார் செய்யலாம். அதற்குக் கட்டணம் இல்லை. இவன் கணக்கில் அன்று மாலை 4 மணிக்கு வந்தது 1,00,000. மறுநாள் காலையில் காலேஜ் கவுண்டரில் கட்டிவிட்டு, ரசீதைப் போட்டோ எடுத்து அனுப்பினான்.